குழந்தையின் குறட்டையும் ஓர் இரவுச் சோதனையும்

குழந்தை குறட்டை விட்டு உறங்கினால், "ஓடியாடிய களைப்பு, அயர்ந்து தூங்குகிறான்" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் வழக்கம். ஜலதோஷம் பிடித்த நாலைந்து நாட்களில் குறட்டை வருவது இயற்கையே. சளி நீங்கினால் அதுவும் நீங்கிவிடும். ஆனால் சளி இல்லாத காலத்தும் வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் குறட்டை விடும் குழந்தையின் விஷயம் வேறு. அத்தகைய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு உறக்கத்தில் மூச்சுப்பாதை அடைபட்டு அடைபட்டுத் திறக்கிறது. எந்தக் குழந்தைக்கு அடைப்பு, எந்தக் குழந்தைக்கு வெறும் சத்தம் மட்டும் என்பதைக் கட்டிலருகே நின்று கேட்டுத் தீர்மானிக்க இயலாது. அதை அளந்து அறிய ஏற்பட்டதுதான், டாக்டர்கள் ஸ்லீப் ஸ்டடி என்றும் பாலிசோம்னோகிராபி என்றும் கூறும் உறக்கச் சோதனை. அது என்ன, யாருக்கு வேண்டும், அதற்குக் குழந்தையை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பவற்றை இம்மாதப் பகுதியில் காண்போம்.

அடைப்பு ஏன் உண்டாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தொண்டையின் இருபுறமும் இருக்கும் டான்சில் சதைகளும், மூக்கின் பின்புறம் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கும் அடினாய்டு சதையும், ஏறத்தாழ 2 வயது முதல் 8 வயது வரை, தொண்டையின் அளவை நோக்கப் பெரியனவாக இருக்கின்றன. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக நின்று பாதையைத் திறந்து வைத்திருக்கும். உறங்கியதும் அவை தளர்கின்றன. ஏற்கெனவே குறுகிய பாதை மேலும் குறுகுகிறது. சில சமயம் முழுவதும் மூடிக்கொள்கிறது. மார்பும் வயிறும் மூச்சுக்காக முயன்றுகொண்டே இருக்க, காற்று மட்டும் உள்ளே போவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்க, பாதை திறக்கிறது. குழந்தை புரண்டு படுத்து மீண்டும் உறங்குகிறது. காலையில் அதற்கு இவை எதுவும் நினைவில் இராது.

இதில் பெற்றோரை ஏமாற்றும் ஓர் அம்சம் உண்டு. உறக்கம் இரவு முழுதும் ஒரே தன்மையதாக இருப்பதில்லை. கண்மணிகள் இமைக்குள் விரைந்து அசைவதும், கனவுகள் மிகுந்து தோன்றுவதுமான ஒரு நிலை உண்டு. அதை ரெம் உறக்கம் என்பர். தசைகள் மிகவும் தளர்வது அந்நிலையில்தான். எனவே குழந்தைகளுக்கு மூச்சடைப்பு பெரும்பாலும் ரெம் உறக்கத்தில்தான் நிகழ்கிறது. அந்த ரெம் உறக்கமோ இரவின் பிற்பகுதியில், விடியலை ஒட்டியே மிகுதியாக வருகிறது. தாயார் இரவு பத்து மணிக்கு எட்டிப் பார்க்கும்போது காண்பது சாதாரணக் குறட்டை. அடைப்பு மிகும் மூன்று, நான்கு மணிக்கு வீட்டில் அனைவரும் உறக்கத்தில் இருக்கிறார்கள். முன்னிரவில் எடுத்த கைபேசிப் படம் ஒழுங்காகத் தோன்றினாலும் அது போதாது என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. சோதனை ஓர் இரவு முழுதும் நடைபெற வேண்டும் என்பதற்கும், அதற்குக் குழந்தையை நன்கு ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதற்கும் காரணமும் இதுவே. பாதி இரவில் குழந்தை எழுந்து அழுது கருவிகளைப் பிடுங்கிவிட்டால், காண வேண்டிய பகுதியையே காணாமல் போய்விடுவோம்.

இனி, எந்தக் குழந்தைகளுக்கு இச்சோதனை வேண்டும் என்பது. குறட்டையோடு வேறு குறிகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உறக்கத்தில் மூச்சு நின்று, பின் விக்கித் திணறி வருதல், வாய் திறந்தே இருத்தல், கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்தோ உட்கார்ந்த நிலையிலோ உறங்குதல், குளிர்காலத்திலும் தலை வியர்த்தல், படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப் பல மாதங்கள் ஆனபின் மீண்டும் தொடங்குதல், காலையில் தலைவலி, வளர்ச்சி குன்றுதல் ஆகியவை அக்குறிகளுள் முக்கியமானவை. பெரியவர்கள் உறக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிவார்கள். சிறு குழந்தைகளோ பல சமயம் அதற்கு நேர்மாறாக, ஓரிடத்தில் நில்லாமல் துறுதுறுப்பதும், சிடுசிடுப்பதும், பாடத்தில் மனம் செலுத்தாதிருப்பதுமாகக் காணப்படுவர். குறும்பு என்று அடி வாங்கும் பிள்ளைகளில் சிலர் இரவில் மூச்சுக்குப் போராடும் பிள்ளைகளாக இருக்கக்கூடும்.

இக்குறிகள் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை செய்வது சிறந்தது என்றாலும், அவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. டான்சில் மிகப் பெரிதாயும், குறிகள் ஐயமறத் தெளிவாயும் இருந்து, குழந்தை மற்றபடி ஆரோக்கியமாக இருந்தால், காது மூக்கு தொண்டை நிபுணர் சோதனையின்றியே அறுவை சிகிச்சையைத் தீர்மானிப்பதும் ஏற்கப்பட்ட முறையே. ஆனால் சில குழந்தைகளுக்கு, அறுவைக்கு முன் சோதனையைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும். 2 வயது நிரம்பாத குழந்தைகள், உடல் பருமன் மிகுந்தவர்கள், டவுன் நோய்க்குறி உடையவர்கள், முகம் அல்லது தாடை எலும்பு அமைப்பில் பிறவிக் குறை உள்ளவர்கள், தசை நரம்பு பலவீனம் உள்ளவர்கள், அரிவாளணு சோகை உள்ளவர்கள் ஆகியோர் அவ்வகையினர். இவர்களுக்கு அடைப்பு கடுமையாக இருக்கவும், அறுவைக்குப் பின்னும் எஞ்சி நிற்கவும் வாய்ப்பு அதிகம். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைக்குக் குறட்டையே இல்லாவிடினும் 4 வயதுக்குள் ஒருமுறை இச்சோதனை செய்ய வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. பெற்றோர் சொல்வதும் டாக்டர் தொண்டையில் காண்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோதும் சோதனை வேண்டும். மாறாக, பல் நறநறப்பது, தூக்கத்தில் பேசுவது, எப்போதோ ஒருமுறை எழுந்து நடப்பது ஆகியவை மட்டும் இருந்தால் பொதுவாக இச்சோதனை வேண்டுவதில்லை.

என் அலுவலக நண்பர் ஒருவரின் மகன், வயது 6, பொருந்தாமை என்று கூறிய வகையைச் சேர்ந்தவன். நாள்தோறும் குறட்டை, தலை வியர்வை, இரண்டு ஆண்டுகளாக நின்றிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் வந்தது, வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை என்று ஆசிரியையிடமிருந்து புகார். நிபுணர் பார்த்தபோதோ டான்சில் நடுத்தர அளவே. குறிகள் பெரிது, சதை சிறிது என்று இருந்தமையால் அவர் உறக்கச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அச்சிறுவனின் இரவு எவ்வாறு கழிந்தது என்பதைச் சொன்னால் சோதனையின் முறை முழுதும் விளங்கிவிடும்.

மாலை ஏழரை மணிக்குத் தாயும் மகனும் ஆஸ்பத்திரிக்குச் சென்றனர். கட்டில், விளக்கு, கூரையில் ஒரு காமிரா கொண்ட சாதாரண அறை. பக்கத்தில் தாய்க்கும் ஒரு படுக்கை. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, தூக்க மருந்தும் இல்லை. மருந்தினால் வரும் உறக்கம் இயற்கை உறக்கம் அன்று. அது தொண்டைத் தசைகளையும் மாற்றிவிடும். ஆகவே வீட்டிலிருந்து புறப்படும்போது தூக்கம் வருவதற்காகச் சளி மருந்தைக் கொடுத்து அழைத்துச் செல்வது சோதனையைக் கெடுப்பதாகும்.

டெக்னீஷியன் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு கருவிகளைப் பொருத்தினார். உறக்கத்தின் நிலையை அறிய, தலைமுடிக்கிடையே பசை கொண்டு ஒட்டிய சிறு வில்லைகள்; கண்ணோரங்களில் இரண்டு; முகவாயில் சில; கால்களில் சில. மார்பில் இ.சி.ஜி. வில்லைகள். மூச்சு முயற்சியை அறிய மார்பைச் சுற்றி ஒன்றும் வயிற்றைச் சுற்றி ஒன்றுமாக இரண்டு மெல்லிய பட்டைகள். பிராணவாயுவை அறிய விரல் நுனியில் சிவந்த ஒளி வீசும் ஓர் உறை. இறுதியாக, காற்றோட்டத்தை அறிய மூக்கின் கீழ் ஒரு மெல்லிய குழாய். கரியமில வாயுவின் அளவையும் இதன் வழியே எடுக்கலாம். குழந்தைகள் மிகவும் வெறுப்பது இந்த மூக்குக் குழாயையே. அனுபவமுள்ள டெக்னீஷியன் அதைக் கடைசியில் பொருத்துவார். முரண்டு பிடிக்கும் குழந்தைக்கு அது உறங்கிய பின்னரே பொருத்துவார்.

பட்டைகளையும் குழாயையும் சேர்த்து நோக்குவதில்தான் சோதனையின் சூட்சுமம் இருக்கிறது. பட்டைகள் அசைகின்றன, குழாயில் காற்று இல்லை என்றால் பாதை அடைபட்டிருக்கிறது. பட்டைகளும் அசையவில்லை, காற்றும் இல்லை என்றால், மூச்சுவிடும் ஆணை மூளையிலிருந்தே வரவில்லை. முன்னதற்குப் பெரும்பாலும் தொண்டையில் சிகிச்சை. பின்னதற்கு வேறு ஆராய்ச்சி. விரல் உறையை மட்டும் மாட்டி வீட்டில் எடுக்கும் எளிய சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. பிராணவாயு அதிகம் இறங்காமலே உறக்கம் கலையும் குழந்தையையும் அது தவறவிட்டுவிடும்.

அச்சிறுவன் ஒன்பதரைக்கு உறங்கினான். அடுத்த அறையில் டெக்னீஷியன், ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் வண்டிகளின் ஓட்டத்தைக் கோடுகளாகக் காண்பது போல், திரையில் ஓடும் கோடுகளை விடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்குக் காற்றோட்டக் கோடு திடீரெனத் தட்டையாயிற்று. ஆனால் பிராணவாயு இறங்கவேயில்லை. அடைப்பு அன்று, குழாய் நழுவிவிட்டது என்று கண்டு, ஓசையின்றி உள்ளே வந்து சரிசெய்தார். காலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் கழற்றினர். முடியிலிருந்த பசை வெந்நீரில் போயிற்று.

இவ்விரவு வீணாகாமல் முடிந்ததற்குக் காரணம், அந்தத் தாய் ஒரு வாரம் முன்னரே தொடங்கிய ஏற்பாடுகள். முதலாவது, குழந்தைக்கு உண்மையைச் சொன்னது. "நீ எப்படி உறங்குகிறாய் என்று ஒரு யந்திரம் பார்க்கப் போகிறது, ஊசி கிடையாது, அம்மா பக்கத்திலேயே இருப்பேன்" என்று சொன்னார். "ஒன்றுமே செய்ய மாட்டார்கள்" என்று சொல்லி அழைத்துப்போனால், முதல் வில்லையை ஒட்டும்போதே நம்பிக்கை போய்விடும். பிறகு எச்சமாதானமும் செல்லாது. இரண்டாவது, வீட்டில் ஒத்திகை பார்த்தது. மாலையில் சிறிது நேரம் காகித ஒட்டுநாடாவைக் கன்னத்தில் ஒட்டியும், துண்டை மார்பில் சுற்றியும், பொம்மைக்கு அவ்வாறே செய்தும் விளையாட்டாக்கினார். மூன்றாம் நாள் முதல் விரலில் துணி கவ்வியை மாட்டிக்கொண்டே உறங்கினான். சிறு பருத்திக் கயிற்றை மூக்கின் கீழ் சில நிமிஷம் வைத்துப் பழக்குவதும் நன்று. அதைக் கழுத்தில் சுற்றாமல், தாய் அருகிருந்து செய்து, உறங்குமுன் எடுத்துவிட வேண்டும்.

சோதனை நாளன்று கவனிக்க வேண்டியவை சில. தலைக்கு நன்றாகக் குளிப்பாட்டி, முடியை உலர்த்தி, எண்ணெய் தொடாமல் அழைத்துச் செல்ல வேண்டும். சீவி எண்ணெய் தடவிப் பூ வைத்து அனுப்புவது நம் பழக்கம்; எண்ணெய்ப் பசை இருந்தால் வில்லை ஒட்டாது, நள்ளிரவில் ஒவ்வொன்றாக உதிரும். பெண் குழந்தைகளுக்கு இறுக்கிய பின்னல் வேண்டா. விரலில் நகப்பூச்சு இருந்தால் நீக்க வேண்டும். மருதாணி அடர்ந்திருந்தால் முன்பே சொல்லிவிட்டால் உறையைக் கால்விரலில் மாட்டுவார்கள். மேற்சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக உள்ள பருத்தி உடையே தகுந்தது. முழு உடலும் ஒரே துணியாலானதாக இருந்தால் வயர்களை வெளியே எடுக்க வழியிராது. நண்பகலுக்குப் பின் காப்பி, தேநீர், கோலா, சாக்லேட் வேண்டா. வழக்கமாகப் பகலில் உறங்காத குழந்தையை அன்று உறங்கவிடலாகாது. அதற்காக முதல் நாள் இரவு கண்விழிக்கச் செய்வதும் தவறு. வழக்கமான மருந்துகளை டாக்டர் சொன்னாலன்றி நிறுத்தக் கூடாது. குழந்தையின் தலையணை, போர்வை, உறங்குமுன் குடிக்கும் பால் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லலாம். அன்று சளியோ ஜுரமோ கண்டால், தொலைபேசியில் சொல்லி வேறு நாள் கேட்க வேண்டும். சளி பிடித்த இரவின் கணக்கு உண்மைக் கணக்கு ஆகாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொன்றும் உண்டு. டெக்னீஷியன் பேசுவது இந்தியாகவோ வங்காளியாகவோ மராத்தியாகவோ இருக்கும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளரும் மூன்று வயதுக் குழந்தைக்கு இரவில் அந்நியர் குரலே அச்சம் தரும். ஆகவே உடன் தங்குபவர் குழந்தையோடு தமிழில் பேசி உறங்கச் செய்பவராகவும், டெக்னீஷியன் சொல்வதைப் புரிந்து குழந்தைக்குச் சொல்ல வல்லவராகவும் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒருவரே உடன் தங்கலாம். யார் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்க.

அறிக்கை சில நாட்கள் கழித்தே வரும். ஒவ்வோர் இரவையும் முப்பது முப்பது விநாடிகளாகப் பிரித்து, பக்கம் பக்கமாகப் பார்த்து எழுத வேண்டியிருப்பதே தாமதத்துக்குக் காரணம். நம் சிறுவனின் அறிக்கை இது: உறங்கியது ஏழரை மணி நேரம். மூச்சு முழுதும் அடைபட்டது 21 முறை. மூச்சு குறைந்து, அதனால் பிராணவாயு இறங்கியோ உறக்கம் கலைந்தோ போனது 39 முறை. ஆக 60; ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8. இவ்வெண்ணையே அறிக்கையில் ஏ.எச்.ஐ. என்று குறிப்பர். குழந்தைகளுக்கு இது 1-க்கு மேற்பட்டால் இயல்பன்று; 5 வரை இலேசானது, 5 முதல் 10 வரை நடுத்தரம், 10-க்கு மேல் கடுமை என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. இன்னும் ஒன்று கவனியுங்கள். அவனுடைய ரெம் உறக்கம் ஒன்றரை மணி நேரமே. அந்த 60-இல் 36 அதற்குள் நிகழ்ந்தவை. அதாவது அந்நேரத்தில் மணிக்கு 24. எஞ்சிய ஆறு மணி நேரத்தில் மணிக்கு 4 மட்டுமே. பிராணவாயு மிகக் குறைந்தது 84 சதவிகிதம், அதுவும் விடியற்காலையில். நள்ளிரவோடு அவன் எழுந்துவிட்டிருந்தால், "இலேசானது, கவலையில்லை" என்ற அறிக்கையே கைக்கு வந்திருக்கும்.

எனவே அறிக்கை கைக்கு வந்ததும் அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன், மொத்தம் எத்தனை மணி நேரம் உறங்கினான், ரெம் உறக்கம் எவ்வளவு என்ற இரண்டையும் பாருங்கள். ரெம் உறக்கம் அறவே இல்லையெனில், நல்ல முடிவு வந்திருந்தாலும் அதை நம்பி இருந்துவிடாமல் மறுசோதனை பற்றிக் கேளுங்கள். மேலும் நம் நாட்டில் உறக்கச் சோதனைக்கூடங்கள் பல பெரியவர்களுக்காக ஏற்பட்டவை. பெரியவர் கணக்கில் மணிக்கு 5 வரை இயல்பு. மூச்சு 10 விநாடி நின்றால்தான் ஒன்றாக எண்ணுவர். குழந்தைகள் கணக்கில் இரண்டு மூச்சுகள் தவறினாலே ஒன்று. நிமிஷத்துக்கு 20 முறை மூச்சுவிடும் குழந்தைக்கு அது 6 விநாடியே. பெரியவர் அளவுகோலால் குழந்தையை அளந்தால் நோய் மறைந்துபோகும். "குழந்தைகளுக்கான விதிப்படி எழுதுகிறீர்களா?" என்று நாள் குறிக்கும்போதே கேட்டுவிடுவது நலம்.

அறிக்கைக்குப் பின் யாது செய்வது என்பது டாக்டரின் முடிவு. 2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு டான்சிலும் அடினாய்டும் நீக்கப்பட்டன. மறு பாதியினர் ஏழு மாதம் கவனிப்பில் மட்டும் வைக்கப்பட்டனர். அறுவை செய்தவர்களில் 79 சதவிகிதத்தினருக்கு மறுசோதனை இயல்பாயிற்று. செய்யாதவர்களிலும் 46 சதவிகிதத்தினருக்குத் தானாகவே இயல்பாயிற்று. மிகக் கடுமையான அடைப்புள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. இலேசான அடைப்பாயின் காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கும், அறுவை செய்தாலும் எல்லாருக்கும் தீர்வதில்லை என்பதற்கும் இதுவே சான்று. எண் மிகுதியாகவோ பிராணவாயு 80-க்குக் கீழோ இருந்தால், அறுவைக்குப் பின் அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனிக்க வேண்டும் என்பதும் சோதனையால் முன்கூட்டித் தெரிந்துவிடும் ஒரு நன்மை.

நம் சிறுவனுக்கு எக்ஸ்ரேயில் அடினாய்டு பெரிதாக இருப்பது தெரிந்தது. இரண்டு சதைகளும் நீக்கப்பட்டன. மூன்று மாதத்தில் குறட்டை நின்றது. படுக்கை நனைத்தலும் நின்றது. குறிகள் யாவும் நீங்கிவிட்டமையால் மறுசோதனை வேண்டாவென்றார் டாக்டர். பருமனான குழந்தைகளுக்கும், முதல் எண் கடுமையாக இருந்தவர்களுக்கும், குறட்டை மீண்டும் தலைகாட்டியவர்களுக்கும் மறுசோதனை வேண்டும்.

ரயில்வே முதலிய அரசுப் பணியிலுள்ள குடும்பத்தினர், தங்கள் மருத்துவமனையில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெற்ற பிறகே வெளி ஆஸ்பத்திரியில் நாள் குறிக்க வேண்டும். பின்னால் பில்லை நீட்டினால் பணம் கிடைப்பது துர்லபம். டாக்டரிடம் போகுமுன் ஏழு இரவுகளுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: குறட்டை உண்டா, மூச்சு நின்றதா, வியர்த்ததா, படுக்கை நனைந்ததா. அவற்றில் ஓர் இரவேனும் அலாரம் வைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, குழந்தையின் மார்பையும் முகத்தையும் சேர்த்து ஐந்து நிமிஷம் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அதில் ஒன்றும் தென்படாவிடினும் நோய் இல்லை என்று பொருளன்று. தென்பட்டால், டாக்டர் அதைக் கண்டதும் காலம் தாழ்த்தாமல் சோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.